கதை பலித்தது, காசு பலிக்கவில்லை

2008 ஜனவரி 15-ம் தேதி ரிலையன்ஸ் பவர் நிறுவனத்தின் பங்கு வெளியீடு தொடங்கியது. அப்போது அந்த நிறுவனத்திடம் இயங்கிக்கொண்டிருந்த மின் நிலையம் ஒன்றுகூட இல்லை. வரப்போகும் மின் நிலையங்களின் பட்டியல்தான் இருந்தது. அதை நம்பி, பங்கு ஒன்றுக்கு 450 ரூபாய் விலை வைத்தார்கள். சில்லறை முதலீட்டாளர்களுக்கு 20 ரூபாய் தள்ளுபடி. விற்பனைக்கு வைத்த பங்குகளைப் போல 73 மடங்குக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. பிப்ரவரி 11-ம் தேதி பங்கு சந்தைக்கு வந்தபோது, முதல் நாள் வர்த்தகமே 372 ரூபாய் அளவில்தான் முடிந்தது.

அந்த நாட்களின் மனநிலையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வெளியீடு போதும். 2003 ஏப்ரலில் 3,000 புள்ளிகளுக்கு அருகில் கிடந்த சென்செக்ஸ், ஐந்தே ஆண்டுகளில் 21,000 புள்ளிகளைத் தொட்டிருந்தது. அந்த ஏற்றத்தின் முன்வரிசையில் நின்றவை மின்சாரம், சாலை, துறைமுகம், கட்டுமானம், ரியல் எஸ்டேட் நிறுவனங்கள். 'இந்தியாவுக்குச் சாலை வேண்டும், மின்சாரம் வேண்டும், விமான நிலையம் வேண்டும். அதைக் கட்டுகிற நிறுவனங்களில் இன்றே பங்குதாரர் ஆகுங்கள்' என்பதுதான் ஃபண்ட் விளம்பரங்களின் சாரம்.

உள்கட்டமைப்பு ஃபண்டுகள் 2004-லேயே வரத் தொடங்கிவிட்டன. டி.எஸ்.பி. மெரில் லிஞ்ச், டாடா ஆகிய நிறுவனங்கள் அந்த ஆண்டிலேயே தொடங்கின. அப்போது நுழைந்தவர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள். அவர்களுடைய லாபக் கணக்கைப் பார்த்துத்தான் பெரிய கூட்டம் வந்தது. 2007-ன் நடுவில் எஸ்.பி.ஐ., 2008 பிப்ரவரியில் கோடக், மார்ச்சில் ஹெச்.டி.எஃப்.சி. என அடுத்தடுத்து உள்கட்டமைப்பு ஃபண்டுகள் பிறந்தன. 2008 தொடக்கத்தில் ரிலையன்ஸ் மியூச்சுவல் ஃபண்ட் கொண்டுவந்த இயற்கை வளங்கள் ஃபண்ட், வெளியீட்டுக் காலத்திலேயே ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. சென்செக்ஸின் உச்சம் 2008 ஜனவரி இரண்டாவது வாரம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தத் தேதிகளைப் பாருங்கள்.

அதன் பிறகு என்ன ஆனது? நிஃப்டி இன்ஃப்ராஸ்ட்ரக்சர் குறியீடு 2008 ஜனவரியில் சுமார் 6,300 புள்ளிகளில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபருக்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்துவிட்டது. சரிவு உலகம் முழுவதும் நடந்தது, எல்லாப் பங்குகளும்தான் விழுந்தன என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் பொதுச் சந்தை எழுந்தபோது இந்தத் துறை எழவில்லை. 2013 ஆகஸ்டில் அந்தக் குறியீடு மறுபடி 2008-ன் பள்ளத்துக்கே வந்து கிடந்தது. 2020 மார்ச் கொரோனா சரிவில் மூன்றாவது முறையாக அதே இடத்துக்கு வந்தது. 2008 ஜனவரியின் உச்சத்தை அது தாண்டியது 2023-ன் பிற்பகுதியில்தான். ஏறத்தாழ 16 ஆண்டுகள்.

ஒரு லட்சம் ரூபாய்க்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிவிடெண்டையும் கட்டணத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, குறியீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 2008 ஜனவரி உச்சத்தில் உள்கட்டமைப்புக் குறியீட்டில் போட்ட ஒரு லட்சம், 2023-ன் பிற்பகுதியில் திரும்ப ஒரு லட்சமாக நின்றது. அதே நாளில், அதே மோசமான உச்சத்தில், சாதாரண நிஃப்டி 50-ல் போட்டிருந்தால்? 2008 ஜனவரி 8-ம் தேதி நிஃப்டி 6,288. 2023 டிசம்பர் முடிவில் 21,731. அதாவது ஒரு லட்சம் சுமார் மூன்று லட்சத்து 45 ஆயிரம் ஆகியிருக்கும். பங்குச் சந்தைப் பக்கமே போகாமல், ஏழு சதவீதக் கூட்டு வட்டியில் டெபாசிட்டில் விட்டிருந்தால்கூட இரண்டரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். உச்சத்தில் நுழைந்ததால் நேர்ந்த நஷ்டம் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. நிஃப்டி 50-ல் போட்டவரும் உச்சத்தில்தான் நுழைந்தார். இவர் நுழைந்தது உச்சத்தில் இருந்த ஒரே ஒரு துறைக்குள்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது வேறொன்று. ஃபண்ட் விளம்பரங்கள் சொன்ன கதை பொய்யாகவில்லை. 2008 மார்ச்சில் இந்தியாவின் மின் உற்பத்தித் திறன் சுமார் 1,43,000 மெகாவாட். 2018 மார்ச்சில் அது 3,44,000 மெகாவாட். பத்து ஆண்டுகளில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. நான்கு வழிச் சாலைகள் வந்தன, விமான நிலையங்கள் வந்தன, மெட்ரோ ரயில் வந்தது. நாடு கட்டப்பட்டது. அதைக் கட்டிய நிறுவனங்களில் பணம் போட்டவர்தான் வெறுங்கையோடு நின்றார்.

இது எப்படி நடக்கும்? பங்கின் விலைக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, நிறுவனம் சம்பாதிக்கும் லாபம். மற்றொன்று, அந்த லாபத்துக்குச் சந்தை எத்தனை மடங்கு விலை தரத் தயாராக இருக்கிறது என்பது. இந்த இரண்டாவதைத்தான் பி.இ. விகிதம் என்கிறார்கள். ஒரு நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் லாபம் சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துறை முழுக்க உற்சாகமாக இருக்கும் காலத்தில் அதன் பங்கு 500 ரூபாய்க்கு விற்கிறது. லாபத்தைப் போல 50 மடங்கு. ஐந்து ஆண்டுகள் கழித்து, எதிர்பார்த்தபடியே நிறுவனம் வளர்ந்து, லாபம் இரண்டு மடங்காகி 20 ரூபாய் ஆகிறது. ஆனால் இதற்குள் உற்சாகம் வடிந்து, சந்தை 15 மடங்குதான் தருகிறது. பங்கின் விலை 300 ரூபாய். நிறுவனத்தின் லாபம் இரட்டிப்பானது, பங்கு வாங்கியவர் 40 சதவீதம் இழந்தார். போட்ட 500 ரூபாய் கைக்குத் திரும்ப வேண்டுமென்றால்கூட, லாபம் 33 ரூபாயைத் தாண்ட வேண்டும். அதாவது ஐந்து ஆண்டுகளும் ஆண்டுக்கு 27 சதவீத வளர்ச்சி. அதுவும் லாபம் சம்பாதிக்க அல்ல, அசலை மீட்க மட்டும்.

2008-ன் நிறுவனங்கள் அந்த அளவுக்குக்கூட வளரவில்லை. உற்சாகக் காலத்தில் எளிதாகக் கிடைத்த கடனை வாங்கிக் குவித்தார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் மின் நிலையம் கட்டக் கிளம்பியதால் நிலமும் நிலக்கரியும் தட்டுப்பட்டன. குறைந்த கட்டணத்துக்கு ஏலம் கேட்டு வென்ற திட்டங்கள் வட்டி ஏறியதும் நஷ்டத்தில் விழுந்தன. 2014 செப்டம்பரில் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2017 ஜூனில் திவால் நடவடிக்கைக்காக ரிசர்வ் வங்கி அடையாளம் காட்டிய முதல் பன்னிரண்டு பெரிய கடன்காரர்களில் லான்கோ இன்ஃப்ராடெக்கும் ஜேப்பீ இன்ஃப்ராடெக்கும் இருந்தன. 450 ரூபாய்க்குப் போட்டி போட்டு வாங்கிய ரிலையன்ஸ் பவர் பங்கு, 2020-ல் ஒன்றிரண்டு ரூபாய்க்குக் கிடைத்தது. இடையில் போனஸ் பங்குகள் தந்தார்கள் என்றாலும் கணக்கு பெரிதாக மாறவில்லை.

துறை செழிக்கும் என்ற நம்பிக்கையே போட்டியையும் கடனையும் உள்ளே இழுத்து வருகிறது. அந்தப் போட்டி, துறையின் லாபத்தைத் தின்கிறது. மக்களுக்கு மின்சாரம் கிடைக்கும், பங்குதாரருக்கு லாபம் கிடைக்காது. 'இந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டு முதலீடு செய்கிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான். எதிர்காலம் இருக்கிறது. அதை வாங்க இன்று என்ன விலை கேட்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023-ல் பழைய உச்சத்தைத் தாண்டிய உள்கட்டமைப்புக் குறியீடு, 2008-ன் நிறுவனங்களால் ஆனது அல்ல. குறியீட்டில் நலிந்தவை அவ்வப்போது வெளியேற்றப்பட்டு, வலுத்தவை சேர்க்கப்படுகின்றன. இன்று அதில் பெரும் பங்கு வகிப்பவை ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ், எல் அண்ட் டி, பார்தி ஏர்டெல் போன்றவை. இவை ஏற்கெனவே நிஃப்டி 50-ல் இருப்பவை. மும்பை பங்குச் சந்தையின் ரியல் எஸ்டேட் குறியீட்டுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2008 ஜனவரியில் 13,000 புள்ளிகளைத் தாண்டியிருந்த அது, 2024-ன் ஏற்றத்தில்கூட அந்த உயரத்தை எட்டவில்லை.

சரி, இந்த ஃபண்டுகள் ஏன் எப்போதும் ஏற்றம் முடியும் நேரத்திலேயே பிறக்கின்றன? சதி என்று நினைக்க வேண்டியதில்லை. ஃபண்ட் ஒன்று உருவாகும் விதத்திலேயே அந்தத் தாமதம் இருக்கிறது. ஒரு துறை முதலில் சத்தமில்லாமல் ஏறுகிறது. ஓராண்டு, ஈராண்டு ஆன பிறகு செய்திகளில் அடிபடுகிறது. அதன் பிறகுதான் ஃபண்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு, 'வாடிக்கையாளர்கள் இதைக் கேட்கிறார்கள்' என்று சொல்ல ஆரம்பிக்கிறது. திட்ட ஆவணம் தயாரித்து, செபியிடம் தாக்கல் செய்து, அவர்களுடைய கருத்தைப் பெற்று, விளம்பரம் அச்சிட்டு, விநியோகஸ்தர்களைக் கூட்டி விளக்கி, புதிய ஃபண்ட் வெளியீடு, அதாவது என்.எஃப்.ஓ. வருவதற்குள் இன்னும் பல மாதங்கள் ஓடிவிடும். மூன்று ஆண்டு லாபத்தை வரைபடமாகக் காட்டினால்தான் மக்கள் பணம் போடுவார்கள். அந்த வரைபடம் கிடைக்க வேண்டுமென்றால் மூன்று ஆண்டு ஏற்றம் முடிந்திருக்க வேண்டும். 2013-லோ 2020 மார்ச்சிலோ உள்கட்டமைப்பு ஃபண்ட் விற்கக் கிளம்பியிருந்தால் ஏஜென்டை வாசலோடு அனுப்பியிருப்பார்கள். 2020 மார்ச்சில் வாங்கியிருந்தால் 2023 முடிவுக்குள் பணம் மூன்று மடங்கைத் தாண்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.

ஃபண்ட் நிறுவனங்களுக்கு இதில் வருமான நோக்கமும் உண்டு. 2017 அக்டோபரில் செபி ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது. ஒவ்வொரு வகையிலும் ஒரு நிறுவனம் ஒரே ஒரு ஃபண்ட்தான் வைத்திருக்கலாம். லார்ஜ் கேப் என்றால் ஒன்று, மிட் கேப் என்றால் ஒன்று. ஒரே மாதிரியான பத்து ஃபண்டுகளுக்குப் பத்துப் பெயர் வைத்து விற்பதைத் தடுக்க வந்த நல்ல விதி அது. ஆனால் இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்கும், துறை சார்ந்த மற்றும் கருப்பொருள் சார்ந்த ஃபண்டுகளுக்கும் அந்த வரம்பு பொருந்தாது. வங்கித் துறைக்கு ஒன்று, நுகர்வுக்கு ஒன்று, பாதுகாப்புத் துறைக்கு ஒன்று, பொதுத்துறை நிறுவனங்களுக்கு ஒன்று என்று எத்தனை வேண்டுமானாலும் தொடங்கலாம். எல்லாக் கதவுகளையும் சாத்தி ஒரு கதவைத் திறந்து வைத்தால் கூட்டம் அந்த வழியாகத்தான் வரும்.

கட்டண அமைப்பும் அதே திசையில் தள்ளுகிறது. ஃபண்டின் அளவு பெருகப் பெருக, நிர்வாகச் செலவாக எடுக்கக்கூடிய சதவீதம் குறையும். 2019-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி முதல் 500 கோடி ரூபாய்க்கு 2.25 சதவீதம் வரை எடுக்கலாம் என்றிருந்தது. அளவு கூடக் கூட அது படிப்படியாக இறங்கும். ஐம்பதாயிரம் கோடி உள்ள பழைய ஃபண்டில் வந்து சேரும் பணத்தைவிட, புதிய சிறிய ஃபண்டுக்கு வரும் பணத்தில் நிறுவனத்துக்கும் விநியோகஸ்தருக்கும் சதவீதக் கணக்கில் அதிகம் கிடைக்கிறது. பழைய ஃபண்டிலிருந்து பணத்தை எடுத்துப் புதிய வெளியீட்டில் போடச் சொல்லும் அறிவுரைக்குப் பின்னால் பல சமயம் இதுதான் இருக்கிறது. இதைப் பார்த்துத்தான், அப்படி மாற்றும்போது இரண்டு ஃபண்டுகளில் எதற்குக் கமிஷன் குறைவோ அதுவே விநியோகஸ்தருக்குக் கிடைக்கும் என்று 2025-ல் செபி விதியை இறுக்கியது.

விற்பனை மேஜையில் மறுபடி மறுபடி கேட்கும் ஒரு வசனம் உண்டு. 'சார், பழைய ஃபண்ட் யூனிட் 180 ரூபாய் ஆயிடுச்சு. இது புதுசு, பத்து ரூபாய்க்கே கிடைக்குது.' இதைப் போலத் தவறான வழிகாட்டுதல் வேறில்லை. ஃபண்டின் யூனிட் விலை பத்து ரூபாய் என்பது வெறும் தொடக்கக் குறி. அந்தப் பத்து ரூபாயைக் கொண்டு ஃபண்ட் மேலாளர் சந்தைக்குப் போய், அன்றைய விலையில்தான் பங்குகளை வாங்கப் போகிறார். 50 மடங்கு பி.இ.யில் விற்கும் பங்கை, புதிய ஃபண்ட் என்பதற்காக யாரும் குறைத்துத் தரப்போவதில்லை. பழைய ஃபண்டிடம் இருப்பவற்றில் குறைந்த விலையில் வாங்கிய பங்குகளாவது இருக்கும்; எந்த நிறுவனங்களை வைத்திருக்கிறது, இறக்கத்தில் என்ன செய்தது என்று பார்க்க ஒரு வரலாறு இருக்கும். புதியதில் அதுவும் இல்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2024 ஜூன் மாதம் இந்தியாவில் பங்கு சார்ந்த ஃபண்டுகளுக்கு நிகரமாக வந்த பணம் 40,608 கோடி ரூபாய் என்று மியூச்சுவல் ஃபண்ட் கூட்டமைப்பான ஆம்ஃபி கணக்குச் சொல்கிறது. அதில் 22,352 கோடி, அதாவது பாதிக்கும் மேல், துறை மற்றும் கருப்பொருள் ஃபண்டுகளுக்குப் போனது. அந்த மாதம் பேச்செல்லாம் பாதுகாப்புத் துறை பற்றித்தான். நிஃப்டி இந்தியா டிஃபென்ஸ் குறியீடு ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அதைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றின் வெளியீடும் அந்த ஜூனில்தான் வந்தது. ஜூலை முதல் பாதியில் குறியீடு உச்சம் தொட்டது. அடுத்த பிப்ரவரிக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது. கொச்சி ஷிப்யார்டு பங்கு 2,900 ரூபாய்க்கு மேலிருந்து 1,200-க்கு அருகே வந்தது. 2025 மார்ச்சில் இந்த வகை ஃபண்டுகளுக்கு வந்த நிகரப் பணம் ஆயிரம் கோடிக்கும் கீழே போய்விட்டது. விலை ஏறியிருந்தபோது ஒரே மாதத்தில் 22,000 கோடி, விலை இறங்கியபோது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், பாதுகாப்புத் துறைக் குறியீடு அங்கேயே கிடக்கவில்லை. 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதலுக்குப் பிறகு அது மறுபடி வேகமாக மேலே வந்தது. பொறுத்திருந்தவர்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் பிப்ரவரியில் பயந்து வெளியேறியவர்களுக்கு மே மாதத்தில் மோதல் வரும் என்று தெரிந்திருக்க வழியில்லை. இதே துறையில், அதற்கு ஓராண்டு முன்பே, 2023 மே-ஜூனில் ஹெச்.டி.எஃப்.சி. ஒரு ஃபண்ட் கொண்டுவந்தது. அதில் போட்டவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். 2024 ஜூலையில், ஊரே பணத்தை நீட்டிக்கொண்டிருந்தபோது, அந்த ஃபண்ட் புதிய எஸ்.ஐ.பி.களை ஏற்பதை நிறுத்தியது. பணத்தை நிர்வகிப்பவரே 'இப்போது வேண்டாம்' என்று கதவைச் சாத்தினால் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் நாம் எடுத்துக்கொள்வதில்லை, அடுத்த கதவைத் தேடிப் போகிறோம்.

ஃபண்டின் விளம்பரத்தில் வரும் லாபத்துக்கும் அதில் பணம் போட்டவர்களின் லாபத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு சிறிய கணக்கில் பார்க்கலாம். ஒரு ஃபண்டில் தொடக்கத்தில் 100 கோடி இருக்கிறது. ஓராண்டில் அது இரண்டு மடங்காகி 200 கோடி ஆகிறது. 'ஒரே ஆண்டில் 100 சதவீத லாபம்' என்ற செய்தி பரவுகிறது. 4,800 கோடி புதிதாக வந்து சேர்கிறது. இப்போது மொத்தம் 5,000 கோடி. அடுத்த ஆண்டு ஃபண்ட் 50 சதவீதம் விழுகிறது. மீதி 2,500 கோடி. யூனிட் விலையைப் பார்த்தால் 10 ரூபாய் 20 ஆகி, மறுபடி 10-க்கு வந்திருக்கிறது. இரண்டு ஆண்டில் ஃபண்டின் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று அறிக்கை சொல்லும். ஆனால் மக்கள் போட்டது 4,900 கோடி, இருப்பது 2,500 கோடி. லாபம் வந்த ஆண்டில் உள்ளே இருந்தது சிறிய பணம், நஷ்டம் வந்த ஆண்டில் உள்ளே இருந்தது பெரிய பணம். துறை ஃபண்டுகளில் இந்த இடைவெளி மற்ற ஃபண்டுகளைவிட அதிகமாக இருப்பதற்குக் காரணம், அவற்றுக்குப் பணம் வருவதே ஏற்றத்தைப் பார்த்து என்பதால்தான்.

இது இந்தியாவின் தனிப்பட்ட நோயும் அல்ல. அமெரிக்காவில் இட்ஸாக் பென்-டேவிட், ஃபிரான்செஸ்கோ ஃபிரான்ஸோனி உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள், ஒரு துறையையோ கருப்பொருளையோ பின்பற்றும் இ.டி.எஃப். ஃபண்டுகளை ஆராய்ந்து 2023-ல் ரிவ்யூ ஆஃப் ஃபைனான்ஷியல் ஸ்டடீஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொடங்கிய முதல் ஐந்து ஆண்டுகளில் இவை, எடுத்துக்கொண்ட ரிஸ்க்குக்கு ஏற்பக் கணக்கிட்டால், சுமார் 30 சதவீதத்தை இழந்தன. அதிகக் கட்டணம்தான் காரணமா என்று பார்த்தார்கள். அது மட்டும் இவ்வளவு பெரிய இழப்பை விளக்கவில்லை. ஃபண்ட் தொடங்கும் நேரத்தில் உள்ளிருக்கும் பங்குகள் அளவுக்கு மீறி விலை ஏறியிருந்தன என்பதே அவர்கள் கண்ட காரணம்.

அதிக விலை என்று மேலாளருக்கே தெரிந்தாலும் அவரால் வெளியே வர முடியாது என்பது இந்த ஃபண்டுகளின் மற்றொரு பூட்டு. செபி விதிப்படி துறை மற்றும் கருப்பொருள் ஃபண்டுகள் தங்கள் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை அந்தத் துறையிலேயே வைத்திருக்க வேண்டும். ஃபிளெக்ஸி கேப் ஃபண்டின் மேலாளர் மின்சாரப் பங்குகள் விலை கூடிவிட்டன என்று நினைத்தால் விற்றுவிட்டு வங்கிப் பங்குக்குப் போகலாம். உள்கட்டமைப்பு ஃபண்டின் மேலாளருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. எப்போது நுழைவது, எப்போது வெளியேறுவது என்ற இரண்டு தீர்மானங்களும் நம் தலையில் வந்து விழுகின்றன. வெளியேறும்போது லாபத்தில் வரியும் உண்டு. 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். ஓராண்டு தாண்டினால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேலான லாபத்துக்கு 12.5 சதவீதம். துறை விட்டுத் துறை தாவும் ஒவ்வொரு முறையும் இந்தத் தொகை கழிந்துகொண்டே போகும்.

எல்லாத் துறை ஃபண்டும் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. 2015 ஏப்ரலில் உச்சம் தொட்ட மருந்து நிறுவனப் பங்குகள், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலைச் சோதனைகளாலும் விலைப் போட்டியாலும் பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருந்தன. அந்த இறக்கத்தின் நடுவே, 2018 ஜூலையில், ஐசிஐசிஐ புருடென்ஷியல், மிரே அசெட் ஆகிய நிறுவனங்கள் மருத்துவத் துறை ஃபண்டுகளைத் தொடங்கின. வேகமாக ஏதும் நடக்கவில்லை. 2020 மார்ச் வரை பொறுமை சோதிக்கப்பட்டது. அதன் பிறகு கொரோனாக் காலத்தில் மருந்துத் துறைக் குறியீடு ஒரே ஆண்டுக்குள் ஏறத்தாழ இரட்டிப்பானது. 2015-ல் மருந்துத் துறைக்குள் நுழைந்தவருக்கும் 2018-ல் நுழைந்தவருக்கும் சொல்லப்பட்ட கதை ஒன்றே. வயதானோர் பெருகுகிறார்கள், மருந்துத் தேவை கூடும் என்பதுதான் அது. கிடைத்த விலைதான் வேறு.

அப்படியானால் கையில் ஒரு விளம்பரத் தாள் வந்தால் எதைப் பார்ப்பது? என்.எஸ்.இ.யின் niftyindices.com தளத்தில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு பக்கத் தகவல் தாள் ஒன்று மாதாமாதம் வருகிறது. அதில் Launch Date, Base Date என்று இரண்டு தேதிகள் இருக்கும். டிஃபென்ஸ் குறியீட்டை எடுத்தால், அது தொடங்கப்பட்டது 2022 ஜனவரி. கணக்கு தொடங்குவது 2018 ஏப்ரல். முதல் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகளின் லாபம், பின்னோக்கிப் பார்த்துப் போட்ட கணக்கு. அந்த ஆண்டுகளில் அந்தக் குறியீட்டில் யாரும் பணம் போட்டிருக்க முடியாது. ஏற்கெனவே ஏறிவிட்ட துறைக்குக் குறியீடு உருவாக்கினால் வரைபடம் அழகாகத்தான் இருக்கும். ஃபண்ட் தாளில் 'ஐந்தாண்டு லாபம்' என்று கண்டால் முதலில் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள்.

அதே தாளில் P/E என்று ஓர் எண் இருக்கும். அதை நிஃப்டி 50-ன் பி.இ.யோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது, அதே துறையின் மூன்று, ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். விலை மூன்று மடங்காகி பி.இ.யும் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தால், நிறுவனங்களின் லாபம் வளரவில்லை, எதிர்பார்ப்பு மட்டுமே வளர்ந்திருக்கிறது. பி.இ. அப்படியே இருக்க, லாபம் வளர்ந்து விலை ஏறியிருந்தால் அது வேறு கதை. இரும்பு, சிமென்ட் போன்ற சுழற்சித் துறைகளில் ஓர் எச்சரிக்கை: லாபம் உச்சத்தில் இருக்கும் ஆண்டில் பி.இ. குறைவாகத் தெரியும், அதை மலிவு என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது, அந்தத் தாளின் கீழ்ப்பகுதியில் இருக்கும் முதல் பத்துப் பங்குகளின் பட்டியல். அதை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஃபண்டின் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். உள்கட்டமைப்பு, நுகர்வு, உற்பத்தி என்று பெயர் எதுவாக இருந்தாலும் எல் அண்ட் டி, மாருதி, ஏர்டெல் என்று தெரிந்த முகங்களே பல இடங்களில் வரும். ஒரே பங்கை, கூடுதல் கட்டணத்தில், இரண்டாம் முறை வாங்கப் போகிறீர்கள்.

2024-ன் நடுவில் ஏதோ ஒரு வெளியீட்டில் போட்டுவிட்டு இப்போது என்ன செய்வது என்று கேட்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அசல் வந்ததும் எடுத்துவிடுகிறேன் என்பதுதான் பெரும்பாலோரின் திட்டம். நீங்கள் வாங்கிய விலை அந்தப் பங்குகளுக்குத் தெரியாது. 2008-ல் உள்கட்டமைப்பில் போட்டு, 'அசல் வரட்டும்' என்று காத்திருந்தவர்கள் 2023 வரை காத்திருந்தார்கள். இன்றைய பி.இ., இன்றைய லாப வளர்ச்சி இரண்டையும் பார்த்து, இந்தத் துறையில் புதிதாக இன்று பணம் போடுவீர்களா என்று யோசியுங்கள். போடமாட்டீர்கள் என்றால், நஷ்டத்தில் விற்பதில் ஒரு சிறிய அனுகூலமும் இருக்கிறது. அந்த மூலதன நஷ்டத்தை, குறித்த காலத்துக்குள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால், எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச்சென்று பிற்கால மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். விற்கும் முன் எக்ஸிட் லோட் எத்தனை நாளுக்கு, எவ்வளவு என்று பாருங்கள். ஃபண்டுக்கு ஃபண்ட் அது மாறும், திட்ட ஆவணத்தின் முதல் சில பக்கங்களிலேயே அச்சாகியிருக்கும்.